தோல் யாருக்கு, தொடை யாருக்கு?

பக்ரீத் காலையில் ஆடு அறுக்க வருபவருக்குக் கூலியாக அந்த ஆட்டின் தோலையே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அவருக்குத் தோல் உதவும், வீட்டுக்காரருக்கு அதை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. ஆனால் குர்பானி ஆட்டில் அது கூடாது. தோலோ, தலையோ, ஒரு துண்டுக் கறியோ கூலிக் கணக்கில் போகக் கூடாது. கூலியைக் கைக்காசாகத் தனியே கொடுக்க வேண்டும். கொடுத்து முடித்த பிறகு அதே மனிதருக்கு, கஷ்டப்படுகிறவர் என்றோ வேண்டியவர் என்றோ கறியைக் கொடுத்தால் தவறில்லை. அப்போது அது கூலி அல்ல, தர்மம்.

இந்த விதி வந்த இடம் தெரிந்த இடம்தான். கி.பி. 632இல் நபிகள் நாயகம் தம் கடைசி ஹஜ்ஜில் நூறு ஒட்டகங்களைப் பலியிட்டார்கள். அறுபத்து மூன்றைத் தம் கையாலேயே அறுத்து, மீதியை மருமகன் அலீயிடம் ஒப்படைத்தார்கள். கறியை மட்டுமல்ல, தோலையும் முதுகில் போர்த்தியிருந்த துணியையும்கூட ஏழைகளுக்குப் பங்கிட வேண்டும், அறுத்தவருக்கு அதிலிருந்து கூலியாக எதையும் கொடுக்கக் கூடாது என்று சொன்னார்கள். கூலியைத் தங்கள் பணத்திலிருந்து கொடுத்ததாக அலீ சொன்னது ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது.

இந்த ஒரு விதி பிடிபட்டால் மற்ற விதிகளின் போக்கும் பிடிபடும். இறைவனுக்கென்று நிய்யத் வைத்து அறுத்த பிராணியை அதன் சொந்தக்காரர் தின்னலாம், விருந்து வைக்கலாம், அன்பளிப்பாகக் கொடுக்கலாம், தர்மம் செய்யலாம். விற்க மட்டும் முடியாது. கூலிக்குத் தோலைக் கொடுப்பது விற்பதற்குச் சமம். தோலைப் பதப்படுத்தி உட்காரும் விரிப்பாக்கிக்கொள்ளலாம். யாராவது விற்றுவிட்டால் அந்தக் காசு ஏழைக்குப் போக வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. தமிழ்நாட்டில் மதரஸாக்கள் வீடு வீடாகத் தோல் சேகரிக்கிற வழக்கத்துக்கு இதுதான் அடிப்படை. தோலுக்கு நல்ல விலை இருந்த காலத்தில் மாணவர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு அது கைகொடுத்தது. இப்போது ஆட்டுத்தோல் விலை விழுந்துவிட்டதால் சுமைகூலிக்கே கட்டுவதில்லை என்று பலர் சொல்கிறார்கள்.

குர்பானிக்குப் பின்னால் இருக்கும் கதை பலருக்கும் தெரியும். இப்ராஹீம் நபி தம் மகனைப் பலியிடுவதாகக் கனவு கண்டார், அதை இறைக்கட்டளையாக ஏற்றார், மகனும் சம்மதித்தார், கடைசி நேரத்தில் மகனுக்குப் பதிலாக ஓர் ஆட்டுக்கடா வந்தது. குர்ஆனின் 22ஆம் அத்தியாயம், பிராணியின் கறியோ ரத்தமோ இறைவனைச் சென்று சேர்வதில்லை, கொடுப்பவரின் இறையச்சமே சேர்கிறது என்ற பொருள்பட இன்னொன்றையும் சொல்கிறது. இறைவனுக்குக் கறி தேவையில்லை என்று ஆகிவிட்ட பிறகு கறி முழுவதும் மனிதர்களுக்குத்தான். ஆகவே அது யாருக்கு எவ்வளவு என்பது சமையலறை விவகாரமாக நிற்காமல் சட்ட விவகாரமாகிறது.

யார் கொடுக்க வேண்டும் என்பதிலேயே நம் ஊர்களில் இரண்டு வழக்குகள் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ஹனஃபி. ஷாஃபி வழக்கில் குர்பானி வலியுறுத்தப்பட்ட சுன்னத். ஒரு வீட்டில் ஒருவர் ஓர் ஆடு கொடுத்தாலே வீட்டார் அனைவருக்கும் பொறுப்பு நீங்கிவிடும். ஹனஃபியில் அது வாஜிப், அதாவது வசதி உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடமை. அந்த வசதிக்கு அளவுகோல் சுமார் 612 கிராம் வெள்ளியின் விலை. கடனும் அன்றாடத் தேவையும் போக, நகையும் கையிருப்பும் சேர்ந்து அதைத் தொட்டால் கடமை வந்துவிடும். கணவர் தம் பெயரில் ஆடு வாங்கிவிட்டால் மனைவிக்கும் சேர்த்து முடிந்தது என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். மனைவியின் பெயரில் உள்ள நகைக்கு அவர்தான் சொந்தக்காரர் என்பதால் ஹனஃபியில் அவருக்குத் தனி ஆடோ தனிப் பங்கோ வேண்டும்.

அடுத்து ஆடு. சந்தையில் விவரம் தெரிந்தவர் ஆட்டின் உயரத்தைப் பார்ப்பதற்கு முன் வாயைப் பார்ப்பார். கீழுதட்டை விரலால் விலக்கினால் முன்வரிசையில் எட்டுப் பற்கள் தெரியும். ஆட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது. எட்டும் சின்னச் சின்னதாக, ஒரே அளவாக இருந்தால் எல்லாமே பால் பற்கள், குட்டி இன்னும் வயதுக்கு வரவில்லை. நடுவில் இரண்டு மட்டும் அகலமாக, வெள்ளைச் சோளமணி மாதிரி எழும்பி நின்றால் பால்பல் விழுந்து நிலையான பல் வந்துவிட்டது, ஆட்டுக்கு ஓராண்டு கடந்துவிட்டது என்று கொள்ளலாம். ஹனஃபிக்கு வெள்ளாட்டில் ஓராண்டு நிறைந்தால் போதும். ஷாஃபியில் வெள்ளாட்டுக்கு இரண்டு ஆண்டு நிறைய வேண்டும், எனவே இரண்டு பல்லைப் பார்த்து வாங்கினால் போதாது. செம்மறிக்கு அங்கும் ஓராண்டுதான். மாட்டுக்கு இரண்டு ஆண்டு, ஒட்டகத்துக்கு ஐந்து. பல் என்பது அடையாளம் மட்டுமே. வீட்டில் பிறந்து வளர்ந்த ஆட்டின் வயது திட்டமாகத் தெரியும் என்றால் பல்லைப் பார்க்கத் தேவையில்லை.

குறை பார்ப்பதற்கு நபிமொழியில் நான்கு அடையாளங்கள் சொல்லப்படுகின்றன. வெளிப்படையாகத் தெரிகிற ஒற்றைக்கண் குருடு, வெளிப்படையான நோய், வெளிப்படையான நொண்டி, எலும்பில் மஜ்ஜையே இல்லாத அளவுக்கு மெலிவு. இதில் ‘வெளிப்படையான’ என்பதுதான் அளவுகோல். மந்தையோடு மேய்ச்சலுக்கு நடந்துபோக முடியாமல் பின்தங்கினால் அது நொண்டி. லேசாகக் காலை விந்தி நடந்தாலும் மற்ற ஆடுகளுக்கு ஈடுகொடுத்தால் தள்ளுபடி இல்லை. காது விஷயத்தில் ஷாஃபிகள் கண்டிப்பானவர்கள். காதில் ஒரு துண்டு போயிருந்தாலே கூடாது, கிழிசல் மட்டும் என்றால் பரவாயில்லை. ஹனஃபியில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் போயிருந்தால்தான் தடை. காயடித்த கடா இரண்டு வழக்கிலும் செல்லும். கறிக்கு அது கெடுதல் இல்லை, நன்மைதான்.

இந்தக் குறைகளைச் சேர்த்துப் பார்த்தால் எல்லாமே உண்பவர் பக்கம் நின்று எழுதியவை என்பது தெரியும். மேய முடியாதது, தீனி தேட முடியாதது, கறி பிடிக்காதது. விலை போகாததைத் தள்ளிவிட இறைவனின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்பது இதன் உட்பொருள். தமிழ்நாட்டில் இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. 1958ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயது தாண்டி உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாது அல்லது காயத்தாலோ ஊனத்தாலோ நிரந்தரமாகப் பயனற்றுப் போனது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். அதாவது சட்டம் தேறாத மாட்டைக் காட்டச் சொல்கிறது, மார்க்கம் தேறிய மாட்டைக் கேட்கிறது. வயது மட்டும் ஏறி, உடல் வற்றாமல் நிற்கிற காளை இரண்டுக்கும் பொருந்தும். ஊனமுற்ற மாடு சட்டத்துக்குச் சரி, குர்பானிக்குச் செல்லாது.

நேரமும் அப்படித்தான் கறாரானது. துல்ஹஜ் பத்தாம் நாள் பெருநாள் தொழுகை முடிவதற்கு முன் அறுத்தால் அது வெறும் கறி ஆடு. நபிகளாரின் காலத்திலேயே அபூபுர்தா என்ற தோழருக்கு இது நேர்ந்தது. அன்றைக்குச் சாப்பாட்டுத் திருநாள் ஆயிற்றே, என் வீட்டில்தான் முதலில் கறி வேக வேண்டும் என்று ஆசைப்பட்டு, தொழுகைக்கு முன்பே அறுத்துவிட்டார். திரும்ப அறுக்கச் சொன்னார்கள். என்னிடம் வயது நிறையாத வெள்ளாட்டுக் குட்டி ஒன்றுதான் இருக்கிறது, ஆனால் அது கறியாட்டைவிடக் கொழுத்தது என்றார். உமக்கு மட்டும் அனுமதி, உமக்குப் பிறகு வேறு யாருக்கும் கிடையாது என்று பதில் வந்தது. நேரம், வயது இரண்டுக்குமே இந்த ஒரு சம்பவம்தான் சான்றாகக் காட்டப்படுகிறது. முடிவு நேரம் ஹனஃபியில் பன்னிரண்டாம் நாள் மாலை, ஷாஃபியில் பதின்மூன்றாம் நாள் மாலை. குர்பானி கொடுக்க நினைப்பவர் துல்ஹஜ் பிறை பிறந்ததிலிருந்து அறுக்கும்வரை முடி, நகம் வெட்டாமல் இருப்பார். இது ஆட்டின் சொந்தக்காரருக்குத்தான், அறுப்பவருக்கல்ல.

அறுக்கும்போது கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், ஆட்டின் கண் முன்னால் தீட்டக் கூடாது, ஓர் ஆட்டை மற்றோர் ஆடு பார்க்க அறுக்கக் கூடாது. இடப்பக்கமாகச் சாய்த்து, கிப்லாவை நோக்கி வைத்து, இறைவன் பெயர் சொல்லி, மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் கழுத்தின் இரு ரத்தக் குழாய்களையும் அறுப்பார்கள். அவசரக்காரர்கள் தவறு செய்வது இதற்கு அடுத்தபடியில்தான். துடிப்பு முழுதும் அடங்கும் முன்பே காலை ஒடிப்பார்கள், தோலை உரிக்கத் தொடங்குவார்கள். உயிர் முற்றிலும் போகும்வரை கை வைக்கக் கூடாது என்பது விதி.

பங்கீட்டுக்கு வருவோம். ஆடு ஒருவருக்கு ஒன்று. மாட்டிலும் ஒட்டகத்திலும் ஏழு பேர் சேரலாம். கி.பி. 628இல் ஹுதைபியாவில் நபித்தோழர்கள் அப்படிச் செய்தார்கள். இன்றைய கூட்டுக் குர்பானிக்கு அதுவே ஆதாரம். ஏழு பங்கில் எட்டாவது ஆளைச் சேர்த்தால் ஒருவருக்கும் செல்லாது. ஏழு பேரில் ஒருவர் கறி மலிவாகக் கிடைக்கிறதே என்று மட்டும் சேர்ந்திருந்தால்? ஹனஃபியில் ஏழு பேருக்கும் செல்லாது, ஏனென்றால் ஓர் உயிரைப் பாதி வணக்கமாகவும் பாதி வியாபாரமாகவும் போக்க முடியாது என்பது அவர்கள் வாதம். ஷாஃபியில் அவரவர் நிய்யத் அவரவருக்கு, மற்ற ஆறு பேருக்குக் குறைவில்லை. பங்காளி யார் என்று ஹனஃபிகள் விசாரித்துச் சேர்வது இதனால்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மாட்டில் எலும்போடு 105 கிலோ கறி தேறியது என்று வைத்துக்கொள்வோம். ஏழு பங்கில் ஆளுக்குப் பதினைந்து கிலோ. இதைக் கண்ணளவில் கூறு போட ஹனஃபியில் அனுமதியில்லை, தராசில் நிறுக்க வேண்டும். ஒருவர் பங்கில் ஒரு கிலோ கூடினால் அது மற்றவரின் சொத்து. எல்லோரும் மனதார விட்டுக்கொடுத்தாலும் கறிக்குக் கறி கூடக்குறைய மாறுவது வட்டியின் சாயல் உடையது என்பார்கள். நிறுத்து வாங்கிய பதினைந்து கிலோவைப் பொதுவாக மூன்றாகப் பிரிப்பார்கள். ஐந்து கிலோ வீட்டுக்கு, ஐந்து கிலோ சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும், ஐந்து கிலோ ஏழைகளுக்கு. கால் கிலோப் பொட்டலமாகக் கட்டினால் ஏழைகள் பங்கு இருபது வீடுகளுக்கு வரும்.

மூன்று பங்கு என்பது அழகான வழக்கம், கட்டாய அளவு அல்ல. ஹனஃபியில் வீட்டில் வாய்கள் அதிகம் என்றால் முழுவதையும் வைத்துக்கொண்டாலும் குர்பானி செல்லும். ஷாஃபியில் கொஞ்சமாவது ஓர் ஏழைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும், அதுவும் பச்சைக் கறியாக. சமைத்துப் போட்டால் அந்தக் கடமை தீராது. பச்சைக் கறி கையில் வந்தால் அவர் தம் விருப்பப்படி சமைப்பார், எடுத்து வைப்பார், விற்றுக்கூடக் கொள்வார். விற்கக் கூடாது என்ற தடை கொடுத்தவருக்குத்தான், வாங்கிய ஏழைக்கு அல்ல. நேர்ச்சைக் குர்பானி என்றால் நிலைமை தலைகீழ். நேர்ந்துகொண்டவர் ஒரு துண்டுகூடச் சாப்பிடக் கூடாது, எல்லாம் ஏழைகளுக்கே.

எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்வியில் ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு வருடம் நபிகளார் மூன்று நாளுக்கு மேல் யாரும் கறியை வைத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆண்டு பஞ்சத்தில் அடிபட்ட கிராமத்து மக்கள் மதீனாவுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். கறியை உப்பிட்டு உலர்த்திச் சேமித்தால் அவர்களுக்கு எதுவும் மிஞ்சாது. அடுத்த வருடம் மக்கள் அதே தடை தொடர்கிறதா என்று கேட்டபோது, வந்தவர்களின் கஷ்டத்துக்காகத்தான் தடுத்தேன், இப்போது சாப்பிடுங்கள், சேமியுங்கள், கொடுங்கள் என்றார்கள். ஆக, ஃப்ரீசரில் ஒரு மாதம் வைத்தாலும் சட்டப்படி தவறில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் பசி இருக்கும்போது வைப்பதைப் பற்றி அந்த முதல் வருடத்துத் தடை என்ன நினைக்கும் என்று யோசித்தால், ஃப்ரீசரைக் கொஞ்சம் காலி செய்யத்தான் தோன்றுகிறது.

பிற மதத்து அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாமா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். ஹனஃபியில் தாராளமாகக் கொடுக்கலாம். ஷாஃபி நூல்களில் இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது, தடுப்பவர்களும் உண்டு, நேர்ச்சை அல்லாத குர்பானியில் அனுமதிப்பவர்களும் உண்டு. நடைமுறையில் பெரும்பாலான ஊர்களில் சமைத்த பிரியாணி மதில் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இனி அகீகா. குழந்தை பிறந்த ஏழாம் நாள் அறுப்பது இது. ஆண் குழந்தைக்கு இரண்டு ஆடு, பெண் குழந்தைக்கு ஒன்று. இயலாதவர் ஆணுக்கும் ஒன்றே கொடுக்கலாம். மாலிக்கி மத்ஹபில் இருவருக்குமே ஒன்றுதான். நபிகளார் பேரர்கள் ஹஸன், ஹுஸைனுக்கு ஆளுக்கு ஒரு கடா அறுத்ததாக ஓர் அறிவிப்பும், இரண்டு என்று இன்னோர் அறிவிப்பும் இருக்கின்றன. அன்றே பெயர் வைத்து, தலைமுடியை மழித்து, அந்த முடியின் எடைக்கு வெள்ளியைத் தர்மம் செய்வார்கள். பச்சிளங்குழந்தையின் முடி ஒன்றிரண்டு கிராம்கூடத் தேறாது. ஆகவே இது பணக்காரர் சடங்கு இல்லை.

ஏழாம் நாளை எண்ணுவதில் பலர் தடுமாறுவார்கள். ஷாஃபியில் பகலில் பிறந்திருந்தால் பிறந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். சனிக்கிழமை பகலில் பிறந்த குழந்தைக்கு வெள்ளிக்கிழமை ஏழாம் நாள். இரவில் பிறந்தால் மறுநாள் பகலிலிருந்து எண்ணிக்கை தொடங்கும். தவறினால் பதினான்கு, இருபத்தொன்று என்று போகலாம். குழந்தை பருவம் அடையும்வரை அது தந்தையின் பொறுப்பு, குழந்தையின் சொந்தப் பணத்திலிருந்து செலவு செய்யக் கூடாது.

அகீகா இஸ்லாம் புதிதாகத் தொடங்கியது அல்ல. அதற்கு முன்பே அரபிகள் குழந்தைக்காக ஆடு அறுத்து, அந்த ரத்தத்தைக் குழந்தையின் தலையில் பூசுவார்கள். இஸ்லாம் ஆட்டை வைத்துக்கொண்டு ரத்தத்தை எடுத்துவிட்டது, அதற்குப் பதிலாகக் குங்குமப்பூ பூசினார்கள்.

ஆட்டின் வயதும் குறையும் குர்பானிக்குச் சொன்னவைதான். கறியும் தோலும் விற்பனைக்கில்லை என்பதும் அதே. மாறுவது பங்கீட்டில். குர்பானியில் பச்சைக் கறி ஏழைக்குப் போவது முக்கியம் என்றால், அகீகாவில் சமைத்துக் கொடுப்பதுதான் சிறப்பு. ஏழையை வீட்டுக்கு வரவழைத்து நிறுத்தாமல், சமைத்ததை அவர் இருக்கும் இடத்துக்கே அனுப்புவது இன்னும் நல்லது என்பார்கள். கொஞ்சம் இனிப்புச் சேர்த்துச் சமைக்கவும் சொல்கிறார்கள், குழந்தையின் குணம் இனிமையாக அமையட்டும் என்ற விருப்பம்தான் காரணம். அதே நினைப்பில் எலும்பை உடைக்காமல் மூட்டு மூட்டாகப் பிரிப்பது ஷாஃபி வழக்கு, குழந்தையின் உறுப்புகள் நலமாக இருக்கட்டும் என்று. உடைத்தாலும் பாவமில்லை. இமாம் மாலிக் இதை ஏற்கவில்லை, மற்றக் கறியைப் போல உடைக்கலாம் என்றார். சமைக்காமல் பச்சையாகப் போவது ஒன்றே ஒன்று. பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கு ஒரு தொடை, வலது தொடையாக இருந்தால் நல்லது. ஹுஸைனின் அகீகாவில் அப்படிக் கொடுக்கச் சொன்னதாக அறிவிப்பு உண்டு. அறுத்தவருக்குத் தோல் கூலியாகாத அதே சட்டத்தில் மருத்துவச்சிக்குத் தொடை தனியே குறிக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். அவருக்கும் அது கூலி அல்ல, மரியாதை. பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு இந்தத் தொடை பெரும்பாலும் பிரியாணிச் சட்டியிலேயே தங்கிவிடுகிறது.

பெற்றவர்கள் அகீகாக் கறியைச் சாப்பிடக் கூடாது என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வது உண்டு. தாய், தந்தை, தாத்தா, பாட்டி என்று எல்லோரும் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். சட்ட நூல்களில் இதற்கு இடமில்லை, எல்லோரும் சாப்பிடலாம்.

கடைசியாக ஒரு சிக்கல். குழந்தையின் ஏழாம் நாளும் பக்ரீதும் ஒன்றாக வந்தால் ஓர் ஆட்டில் இரண்டையும் முடிக்கலாமா? கூட்டு மாட்டில் குர்பானிக்கு ஒரு பங்கு, மகனின் அகீகாவுக்கு இரண்டு பங்கு என்று தனித்தனியே வாங்குவதில் நம் இரு மத்ஹபுகளிலும் சிக்கல் இல்லை, எல்லாமே வணக்கம்தான். ஒரே ஆட்டுக்கு இரண்டு நிய்யத் வைப்பதுதான் வழக்கு. ஷாஃபியின் பெரிய அறிஞர்கள் இருவர், இப்னு ஹஜர் ஹைதமியும் ஷம்சுத்தீன் ரம்லியும், இதில் நேர் எதிரானவர்கள். ரம்லி இரண்டும் கிடைக்கும் என்றார். ஹைதமி கிடைக்காது என்றார்: குர்பானி பொது விருந்து, அகீகா குழந்தை பிறந்த மகிழ்ச்சியின் விருந்து, நோக்கம் இரண்டானபோது ஓர் ஆடு எப்படி இரண்டுக்கும் ஈடாகும்? இருவருமே 16ஆம் நூற்றாண்டுக்காரர்கள், இன்றும் ஆலிம்கள் இந்த இருவரில் ஒருவரைக் காட்டித்தான் பதில் சொல்கிறார்கள். கையில் வசதி இருப்பவருக்கு ஹைதமி சொன்னபடி இரண்டு ஆடு வாங்கச் சொல்வதும், இல்லாதவரை ரம்லியின் சொல்லில் நிம்மதியாக அனுப்பி வைப்பதும் நியாயமாகத்தான் படுகிறது.